வீட்டில் இருந்தவள்

பரணை ஒழிக்கும்போது இறங்கி வரும் பழைய டிரங்குப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு கட்டு நீல நிற வான்கடிதம் இருக்கும். காகிதம் மடிப்பு மடிப்பாக நைந்திருக்கும். உள்பக்கம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதிய பேனா எழுத்து, முத்திரை மங்கிய பினாங்கோ குவைத்தோ சிங்கப்பூரோ. ஒன்றிரண்டைப் பிரித்துப் படித்தால் அநேகமாக எல்லாக் கடிதங்களும் ஒரே நடையில்தான் போகின்றன. இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று தொடங்கி, அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது, அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா, பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு, அடுத்த வருஷம் ஆடி கழித்து வரப் பார்க்கிறேன் என்று முடியும். கடிதம் வீட்டுப் பெரியவர் பெயருக்கு வரும். தபால்காரர் கொடுத்ததும் யாராவது ஒருவர் கூடத்தில் உரக்கப் படிப்பார். ஆனால் இருமலுக்குக் கஷாயம் வைத்தவளும், கண் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனவளும், படுக்கையில் விழுந்த மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்தவளும் அடுக்களை வாசலில் நின்றுதான் அந்தக் கடிதத்தைக் கேட்டாள். மருமகள்தான் அவள். கடிதத்தில் அவளுக்கென்று பெரும்பாலும் கடைசி ஒரு வரி இருக்கும்.

அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் கடல் தாண்டிப் போன கதையைத் தியாகத்தின் கதையாகவும் உழைப்பின் கதையாகவும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் போனவனால் போக முடிந்தது வீட்டில் ஒருத்தி இருந்ததால். நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்த காலத்தில், செட்டிநாட்டு வீடுகளின் நெல்லும் நோயாளியும் நல்லது கெட்டதும் பெண்கள் பொறுப்பில்தான் இருந்தன. 1970களில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபோதும் ஏற்பாடு மாறவில்லை, ஊரின் பெயர் மட்டும் மாறியது. மணியார்டர், தந்தி, மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத் என்று செய்தி போகும் வழி மாறிக்கொண்டே வந்தது. 2013 ஜூலையில் தந்தியையும் நிறுத்திவிட்டார்கள். செய்தி எந்த வழியில் போனாலும் அது போய்ச் சேர்ந்த இடத்தில் எழுந்து காரியம் பார்க்க ஒரு பெண் இருந்தாள். கணக்கில் வராத வேலை என்பதால் அவள் கைமாற்றாகக் கொடுத்த வருஷங்கள் யாருடைய வெற்றிக் கதையிலும் செலவாக எழுதப்படவில்லை.

இந்தப் பழைய ஏற்பாட்டை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம், இன்றைக்கு அதே பயணம் மகளுக்கு வாய்க்கிறது என்பதுதான். வயது முப்பதுகளில், நிறுவனத்தில் பதினைந்து வருஷம் உழைத்த பிறகு, வெளிநாட்டுப் பதவி உயர்வு வருகிறது. வீட்டில் அப்பா அம்மாவுக்குத் துணை வேண்டிய நேரமும் அதுவாகவே அமைகிறது. உடனே எல்லோரும் அவளுடைய மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். பாசமா பதவியா, கடமையா ஆசையா என்று. என் கருத்தில் இது தவறான கேள்வி. அவளுடைய பாசத்தில் குறை ஏதும் இல்லை. அண்ணன் தம்பிகளுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் இவளுக்குப் பின்னால் இல்லை, அவ்வளவுதான். காலியாக இருப்பது ஓர் இடம். அந்த இடத்தில் என்னென்ன வேலை நடந்தது, அதில் எதை யார் செய்ய முடியும் என்று மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால்தான் போகலாமா கூடாதா என்பதற்கு விடை கிடைக்கும். மனத்தைத் துருவிப் பார்த்துக் கிடைக்காது.

இடம் எப்படிக் காலியானது என்பதில் மர்மம் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஐந்து பிள்ளைகளும் மூன்று மருமகள்களும் இருந்த கூடத்தில் இன்று ஒரு மகனும் ஒரு மகளும், பல வீடுகளில் ஒரு மகள் மட்டும். மருமகளும் வேலைக்குப் போகிறாள், அவளுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். சட்டமும் மகள் பக்கம் திரும்பியது. தமிழ்நாடு 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைக் கொடுத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன் மகள் என்று வேறுபாடு பார்க்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்த அப்பாக்கள், இப்போது மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கடமை மகளுக்கும் வந்த வேகத்தில் வீட்டு வேலை மகனுக்குப் போகவில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

இதைச் சிறுகதை போல ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கதையின் பெண்ணுக்கு முப்பத்தாறு வயது, திருமணம் செய்துகொள்ளவில்லை, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்பா ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், எழுபத்துமூன்று வயது, ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். அம்மாவுக்கு அறுபத்தேழு, சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இருவரும் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். தம்பி அமெரிக்காவில். இவளுக்குச் சிங்கப்பூரில் மூன்று வருஷத்துக்கு ஒரு பிரிவின் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது. பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம். தம்பி ஊரை விட்டுப் போனபோது யாரும் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைக் கதைக்குள் எங்காவது ஒரு சித்தி சொல்லிவிட்டுப் போவாள். அது நியாயமான பேச்சு. ஆனால் அதனால் அப்பாவின் பத்து மணி மாத்திரையை யாரும் எடுத்துக் கொடுத்துவிடப் போவதில்லை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். அப்பாவுக்கு நள்ளிரவில் ஒன்று ஆகிவிட்டால், மகள் சென்னையில் இருந்தாலும் முதல் சில மணி நேரத்துக்கு அவளால் வந்து சேர முடியாது. ஆக, அவசரத்துக்குக் கை கொடுக்கும் தூரத்தில் அவள் ஏற்கெனவே இல்லை. சென்னைக்கு வேலைக்குப் போன நாளிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள். அப்படியானால் சிங்கப்பூர் போவதால் எதைத்தான் இழக்கிறார்கள்? வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, சனி காலை வீட்டுக்கு வந்து, ஞாயிறு இரவு திரும்புகிறாளே, அதைத்தான். அந்த ஒன்றரை நாளில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாரத்துக்கு 168 மணி நேரம். பகலில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒரு ஹோம் நர்ஸ் வருகிறார், வாரம் ஆறு நாள். அது 72 மணி. ஞாயிறு அவருக்கு விடுமுறை. சனி இரவு எட்டிலிருந்து ஞாயிறு இரவு எட்டு வரை மகள் பார்த்துக்கொள்கிறாள், அது 24. மீதி 72 மணி நேரம் யார்? அம்மா. அதுவும் பெரும்பகுதி இரவு. பார்க்கின்சன் நோயாளியின் இரவு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள் கை நடுக்கத்தை மட்டுமே நோய் என்று நினைப்பார்கள். நடுக்கம் பார்க்கத்தான் பெரிது. தூக்கத்தில் தானாகப் புரண்டு படுக்க முடியாது, யாராவது புரட்ட வேண்டும். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், அதனால் விழும் அபாயம். கட்டிலிலிருந்து கழிவறை வரை பிடித்துக்கொண்டு போகிறவள் முழங்கால் தேய்ந்த அறுபத்தேழு வயதுக்காரி. வாரத்தில் ஏழு இரவில் ஆறு இரவை அவள் இப்படிக் கழிக்கிறாள். மகள் வரும் அந்த ஒரு சனி இரவில்தான் விடியும் வரை தூங்குகிறாள். மகள் சிங்கப்பூர் போனால் அம்மாவின் பங்கு 96 மணி நேரமாகும், ஏழு இரவும் அவளுடையதாகும். ஊர் கண்ணுக்கு நோயாளி அப்பா. கணக்குப் போட்டுப் பார்த்தால், குடும்பம் சாய்ந்துவிடாமல் இருப்பது அம்மாவின் முழங்கால் பலத்தில். அந்தப் பழைய மருமகளின் இடத்தில் சத்தமில்லாமல் இப்போது நிற்பவள் அவள்தான். பதவியை ஏற்கலாமா என்று முடிவு செய்ய அப்பாவின் மருத்துவ அறிக்கையைவிட அம்மாவின் உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் அனுப்பினால் போதாதா, இன்னொரு ஆள் வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி தீரும். மணி நேரத்துக்கு ஆள் கிடைப்பார்கள், மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தரவும் இயன்முறைச் சிகிச்சை செய்யவும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து இருக்கிறது. தீராத பாதி முடிவெடுக்கும் வேலை. அப்பா சாப்பிடும் லெவோடோபா மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்ன மணிக்குக் கொடுக்க வேண்டும். அரை மணி தவறினால் உடம்பு விறைத்துக் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். பருப்பும் முட்டையும் போன்ற புரத உணவோடு சேர்த்துக் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது, அதனால் உணவுக்கு முன்னால் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் ஹோம் நர்ஸுக்குப் பழக்கிவிடலாம். ஆனால் ஒரு நாள் அப்பா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார் என்று வையுங்கள். நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுவாள். பல சமயம் காரணம் சிறுநீர்ப் பாதையில் தொற்று. சிறுநீரைப் பரிசோதித்துத் தொற்றுக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடுவார். அது தெரியாமல் இரவோடு இரவாகத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வாந்திக்கு மெடோகுளோப்ரமைடு, அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்று வழக்கமான ஊசிகள் போடக்கூடும். இரண்டும் மூளையில் டோபமினைத் தடுப்பவை, பார்க்கின்சன் நோயாளியை ஒரே இரவில் மரக்கட்டை போல ஆக்கிவிடக்கூடியவை. வார்டில் சேர்த்த பின் லெவோடோபா இரண்டு மூன்று வேளை விட்டுப் போனாலும் ஆபத்துதான். இதை அங்கே நின்று சொல்ல ஒருவர் வேண்டும். டியூட்டி டாக்டர் எரிச்சல்பட்டாலும் விடாமல் சொல்லக்கூடிய ஒருவர். கூலிக்கு வருபவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதறி நிற்கும் அம்மாவுக்கும் ஊசியின் பெயர் நினைவுக்கு வராது.

இந்த முடிவெடுக்கும் வேலையில் ஒரு பகுதியைத் தொலைவிலிருந்தும் செய்யலாம், முன்கூட்டி ஆயத்தம் செய்திருந்தால். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த ஊசிகள் போடக் கூடாது, எந்த நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, உறைபோட்டு, கட்டில் தலைமாட்டிலும் அம்மாவின் கைப்பையிலும் வைக்கலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா மகனோ அப்பாவின் பழைய மாணவரோ ஒருவரை, மருத்துவமனைக்கு வர முடியுமா என்று வெளிப்படையாகக் கேட்டு ஒப்புக்கொள்ள வைக்கலாம். அவசரத்துக்கு யாராவது வருவார்கள் என்ற பொதுவான நம்பிக்கையால் பயன் இல்லை. யார் என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். கையெழுத்து விஷயம் இதைவிடக் கடினமானது, அதைப் பெரும்பாலான குடும்பங்கள் காலம் கடந்த பிறகே நினைக்கின்றன. அப்பா மகளுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது, மிகவும் தேவைப்படும் நாளில் அந்தப் பத்திரம் செல்லாது. பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்குப் பிற்காலத்தில் நினைவும் மங்குகிறது என்பதால் இது வீண் பயம் இல்லை. அந்த நிலைக்கு வந்த பிறகு பாதுகாவலரை நியமிக்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். ஆகவே அப்பா தெளிவாகக் கையெழுத்துப் போடும்போதே ஓய்வூதியக் கணக்கில் அம்மாவை இணைத்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று எழுதி வைக்க வேண்டும். வைப்புத்தொகைகளுக்கும் அப்படியே. உயில் எழுதும் எண்ணம் இருந்தால் அதுவும் இப்போதே. இந்த வேலைகள் சிங்கப்பூர் போவதற்காக மட்டும் அல்ல, போகாவிட்டாலும் செய்ய வேண்டியவை.

பெற்றோரைக் கூடவே அழைத்துப் போனால் என்ன என்பது நல்ல மனத்தோடு எழும் கேள்வி. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்று இருப்பவர் பெற்றோரை நீண்ட காலம் தங்க வைக்க வேண்டுமானால் அவருடைய மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலராக இருக்க வேண்டும். கதையின் பெண்ணுக்கு அந்தச் சம்பளம் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே அரசு மானிய மருத்துவமும் தேசிய மருத்துவக் காப்பீடும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனியார் காப்பீடு கிடைப்பது அரிது. அவள் காலை எட்டுக்கு அலுவலகம் போனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அம்மா தனியாக அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கூப்பிட்ட குரலுக்கு வரும் எதிர் வீட்டுக்காரி அங்கே இல்லை. பழகிய வீட்டின் சுவரைப் பிடித்து நடப்பவர் புதிய வீட்டில் விழுவதற்கு வாய்ப்பு அதிகம். பெற்றோரோடு சேர்ந்திருக்கும் மகிழ்ச்சி மகளுக்குக் கிடைக்கும், ஆனால் அம்மாவின் 96 மணி நேரம் குறையாது, கூடும். தம்பியிடம் அனுப்பும் யோசனையும் அப்படித்தான் தடுக்கி நிற்கிறது. க்ரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்கு நிரந்தர விசா கேட்க முடியாது, குடியுரிமை பெற்றவரே கேட்க முடியும். கோவைப் பக்கம் நிறைய வந்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகளையும் பார்க்கலாம். ஆனால் நல்ல உடல்நிலையில் போய்ச் சேர்பவர்களுக்காகவே அவற்றில் பல கட்டப்பட்டிருக்கின்றன. படுக்கையானவரை வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டை விற்றுவிட்டுப் போவது விபரீதம்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இவ்வளவு கணக்கு எதற்கு, மூன்று வருஷம்தானே, பதவி பிறகும் வரும், அப்பா பிறகு வருவாரா என்பது. இதைக் கேட்டதும் வாய் அடைத்துப்போகும். அப்பாவோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பெண் போகாமல் இருந்தால் அதை வாதத்தால் தோற்கடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அது அவளுடைய சொந்த விருப்பம், மதிக்கத்தக்கது. ஆனால் ஊரார் இந்தப் பேச்சைச் சொல்லும்போது வேறு எதையோ சொல்கிறார்கள். அவள் போகாவிட்டால் அப்பா நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுவார் என்று சொல்கிறார்கள். கதையின் வீட்டில் அது உண்மை இல்லை. அவள் பதவியை மறுத்துவிட்டுச் சென்னையிலேயே இருந்தால், அம்மாவின் ஆறு இரவும் அப்படியே இருக்கும், அவசரப் பிரிவில் சொல்ல ஆள் இல்லாத நிலையும் அப்படியே இருக்கும். மகள் தியாகம் செய்துவிட்டாள் என்ற நிம்மதியில் எல்லோரும் அந்த இரண்டு ஓட்டைகளையும் மறந்துவிடுவார்கள். வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டால் ஓட்டைகள் அடைபடும், அதுவும் உண்மை. ஆனால் சம்பளம் நின்றுவிடும். நாற்பதை நெருங்கும் பெண் சில வருஷம் கழித்து அதே நிலையில் வேலைக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவளுடைய முதுமைக்கு என்ன வழி என்ற கேள்வியையும் அந்த மேசையிலேயே வைத்துத்தான் பேச வேண்டும். ஒருத்தியின் வருஷங்களைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விடும் பழைய வழக்கத்தை, மருமகளிடமிருந்து மகளுக்கு மாற்றிவிடுவதை நான் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் முடிவை எப்படி எடுப்பது? கதையின் பெண் ஒரு நல்ல காரியம் செய்கிறாள். பதில் சொல்ல இருக்கும் ஒரு மாதத்தை யோசிப்பதில் கழிக்காமல், சிங்கப்பூருக்குப் போய்விட்டதுபோல அந்த மாதத்தை நடத்திப் பார்க்கிறாள். சென்னையிலேயே இருக்கிறாள், ஆனால் நான்கு வாரமும் ஊருக்குப் போகவில்லை. போனில் மட்டும்தான். முதல் வாரம் எல்லாம் நன்றாகவே போகிறது. இரண்டாம் வாரம் ஹோம் நர்ஸுக்குக் கிராமத்தில் அவருடைய சொந்தத் தாய்க்கு உடம்பு சரியில்லை, நான்கு நாள் விடுப்பு. மாற்று ஆளை அனுப்புவதாக ஏஜென்சி சொல்கிறது, மூன்றாம் நாள்தான் ஒருவர் வருகிறார், மாத்திரை நேரம் குழம்புகிறது. மூன்றாம் வாரம் போனில் அம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். மகள் வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொள்கிறாள். வீடியோ அழைப்பு முகத்தைக் காட்டும், காலைக் காட்டாது. அதனால் கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவை ஐந்தடி நடக்கச் சொல்கிறாள், அம்மாவையும். மாத்திரை அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணச் சொல்கிறாள். இருக்க வேண்டியதைவிட அதிகம் மீதி இருந்தால் வேளைகள் தவறியிருக்கின்றன என்று பொருள். வாரம் ஒரு முறை இருவரையும் எடைக் கருவியில் நிற்கச் சொல்கிறாள். அப்பாவின் எடை குறையவில்லை. அம்மாவின் எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, சர்க்கரைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதியைத் தவறவிட்டிருக்கிறாள். ஆக, ஒத்திகையில் தோற்றது அம்மாவின் இரவு. அப்பாவின் நோயில் மாற்றம் ஒன்றும் இல்லை.

இது தெரிந்த பிறகு அவள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதும் தெளிவாகிவிடுகிறது. மூன்று மாதம் தள்ளிச் சேர்வது, ஆறு வாரத்துக்கு ஒரு முறை திருச்சியிலிருந்தே ஒரு வாரம் வேலை செய்ய அனுமதி, ஒரு வருஷம் முடிந்ததும் திரும்பி வர விரும்பினால் பழைய நிலைக்குக் குறையாத பதவி, மூன்றையும் எழுத்தில் கேட்கிறாள். கேட்டால் பதவி கைநழுவிப் போகுமோ என்று தயங்குபவர்கள் உண்டு. பதினைந்து வருஷம் ஒருவரை வைத்து வேலை வாங்கிய நிறுவனத்துக்கு மூன்று மாதம் பெரிய நஷ்டம் இல்லை, அதைக்கூடத் தர முடியாது என்றால் நெருக்கடி நாளில் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது இப்போதே தெரிந்துவிடும். தம்பியிடமும் அவள் கேட்கிறாள். பணம் மட்டும் அல்ல, ஆண்டுக்கு ஒரு மாதம் அவன் வந்து அப்பாவோடு இரவில் படுக்க வேண்டும் என்று. எந்த நிலை வந்தால் தான் திரும்பிவிடுவது என்பதையும் முன்பே எழுதி வைக்கிறாள். அம்மா விழுந்து எலும்பு முறிந்தாலோ, அப்பாவுக்கு விழுங்குவது கடினமாகி உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்தாலோ, அன்றே விடுப்பு, பிறகு பேச்சு. அந்த நேரத்தில் போய் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அமைதியான நேரத்தில் எழுதுவது.

இவ்வளவு பேரிடம் பேசியாகிவிட்டது, அம்மாவிடம் மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. பழைய கடிதங்களின் காலத்திலும் வீட்டில் இருந்தவளிடம் யாரும் கேட்டதில்லை. போகட்டுமா என்று கேட்பது எளிது, அதற்கு எந்த அம்மாவும் போ என்றுதான் சொல்வாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். கதையின் அம்மா முதலில் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். மகள் விடாமல் அந்த 168 மணி நேரத்தைத் தாளில் கோடு போட்டுக் காட்டுகிறாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு, தனக்குப் பகலில் யாரும் வேண்டாம், பகலை எப்படியும் ஓட்டிவிடுவேன் என்கிறாள். பகல் ஆளை நிறுத்திவிட்டு ராத்திரிக்கு ஒருவரை வை, ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒருவரைப் பார், முழங்காலுக்கு டாக்டர் சொன்ன ஆபரேஷனை நீ போவதற்குள் முடித்துவிடலாமா என்று கேட்கிறாள்.

அவள் கேட்டவற்றில் பகல் ஆளை நிறுத்துவது மட்டும் நடக்காது. ஆபரேஷன் முடிந்து அவள் ஊன்றி நடக்கும் வரையிலாவது பகலுக்கும் ஆள் வேண்டும். மற்றவை நடக்கும். அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, இரவுக்கு ஆள் தேடிவிட்டு, பதிலுக்கு நிறுவனத்திடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கி, அடுத்த நான்கு வாரம் மறுபடியும் ஒத்திகை பார்த்துவிட்டு அந்தப் பெண் கையெழுத்துப் போடலாம்.